எட்டாவதாகக் கேட்ட புகைப்படம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது ஆடிட்டர் ஜாவித்தின் ஆபீஸ். ஜாவித்துக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. அவருடைய பெரிய கட்சிக்காரர்கள் எல்லாம் துபாயிலும் குவைத்திலும் இருந்தார்கள். உள்ளூர்க் கணக்குகளைப் பார்ப்பது சிந்துவின் வேலை.

சிந்துவுக்குக் குன்னத்துக்குப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். அஞ்சல் வழியில் பி.காம். முடித்தாள். சி.ஏ. பரீட்சையில் ஒரு குரூப்பை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தவறவிட்டாள். அப்புறம் எழுதவில்லை. ஆனால் படிப்பை விடவில்லை. ஒவ்வொரு பட்ஜெட்டுக்குப் பிறகும் மாறிய சட்டத்தை அச்செடுத்து, மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பாள். பதினோரு வருஷமாக அவள் தயாரித்த ரிட்டர்ன் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. "சிந்து ஒரு தாளைக் கேட்டான்னா, அந்தத் தாளு இல்லன்னாலும் நாம மறுபடி பொறந்து வளர்ந்தாவது அதக் கொண்டாந்து குடுக்கணும்" என்று ஜாவித் கேலி செய்வார். அவள் சிரிக்க மாட்டாள். அது பாராட்டுதானே என்று நினைத்துக்கொள்வாள்.

வருஷா வருஷம் சித்திரை முடிவதற்குள் கட்சிக்காரர்களுக்கு ஈமெயில் அனுப்பிவிடுவாள். யாரிடமிருந்து என்ன தாள் வேண்டும் என்று ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். தாள் வந்து சேர்ந்தால் கட்டத்தில் பச்சையில் 'பெறப்பட்டது'. வராவிட்டால் சிவப்பில் 'நிலுவை'. போனில் சொன்னால் மறந்துவிடுவார்கள், வாட்ஸ்அப்பில் சொன்னால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும், அதனால் ஈமெயில்தான் என்பது அவள் கட்சி. விவசாயிகளுக்கு அதைத் தமிழிலேயே எழுதுவாள்.

அந்த வருஷம் அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையத்துக்கு அப்பால் இருக்கிற ஒரு கிராமத்திலிருந்து கொளஞ்சியப்பன் என்பவர் புதிதாக வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடும், இடுப்பில் போனும் வைத்திருந்தார். முந்தைய ஆனி மாதம் தன்னுடைய மூன்றே சொச்சம் ஏக்கரையும் சுண்ணாம்புக்கல் எடுக்கும் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கிரயத் தொகையில் நூற்றுக்கு ஒரு ரூபாயை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் கம்பெனி கொடுத்தது. மீதிப் பணம் இரண்டு பெண்களுக்கும் பழைய கடனுக்கும் போய்விட்டது.

"விவசாய நிலமா இருந்து, நகராட்சி எல்லைக்குத் தூரமா இருந்தா, வித்த பணத்துக்கு வரி இல்லிங்கய்யா" என்றாள் சிந்து. "புடிச்ச வரியவும் திரும்ப வாங்கிரலாம். ஆனா அது பயிர் வெச்ச நிலந்தான்னு கையில ஆதாரம் இருக்கணும். இல்லன்னா நோட்டீஸ் வரும். வந்தா பல லட்சம் கட்டச் சொல்லுவாங்க."

"பல லட்சத்துக்கு நா எங்கம்மா போவேன்? வூட்ட வித்தாத்தான் உண்டு."

"அதுக்குத்தான் இப்பவே எல்லாத்தையும் எழுத்துல சேத்து வெச்சுக்குவோம்னு சொல்றேன்."

எழுத்தில் என்றதும் அவர் முகம் தெளிந்தது. நிலத்தைப் பேசி முடித்த தரகன், குடும்பத்தில் ஒருத்தருக்குக் கம்பெனியில் வேலை என்று வாயால் சொல்லியிருந்தான். பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அன்றிலிருந்து வாய்ப்பேச்சை அவர் காதில் வாங்குவதில்லை. "நீங்க எழுதி அனுப்புங்கம்மா. எழுதுனது என்னவோ அத நா செஞ்சுபுடறேன்" என்று சொல்லிவிட்டு, தன் தங்கச்சி ஆண்டாயியின் கணக்கையும் அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். ஆண்டாயி ஆலத்தியூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவளும் அதே வருஷம் நிலத்தைச் சுண்ணாம்புக்கல் கம்பெனிக்குக் கொடுத்திருந்தாள்.

சிந்து இரண்டு பேருக்கும் ஒரே ஈமெயிலை அனுப்பினாள்.

"மதிப்புக்குரிய ஐயா/அம்மா, வணக்கம். 2023-24ஆம் நிதியாண்டுக்கான தங்கள் வருமான வரி ரிட்டர்னை ஜூலை 31ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கீழ்க்கண்டவை எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை:

1. விற்ற பத்திரத்தின் நகல் — நிலுவை
2. கம்பெனி பிடித்த வரிக்கான சான்று, 16பி — நிலுவை
3. பட்டா, சிட்டா நகல் — நிலுவை
4. அடங்கல், விற்ற பசலி ஆண்டுக்கும் அதற்கு முந்தைய ஆண்டுக்கும் — நிலுவை
5. நகராட்சி எல்லையிலிருந்து நிலம் எவ்வளவு தூரம் என்பதற்குத் தாசில்தார் சான்று — நிலுவை
6. வங்கிக் கணக்கு விவரம், ஏப்ரல் முதல் மார்ச் வரை — நிலுவை
7. விளைச்சலை விற்ற ரசீதுகள் — நிலுவை
8. நிலத்தில் பயிர் இருக்கும் புகைப்படம் — நிலுவை

இவற்றை விரைவில் அனுப்பி உதவவும்."

எட்டாவதைக் கேட்கச் சொன்னது ஜாவித் இல்லை. அது சிந்துவின் சொந்தச் சேர்க்கை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்சிக்காரருக்கு நோட்டீஸ் வந்தபோது, வருவாய்த்துறை தரும் பயிர்க் கணக்கான அடங்கலைக் காட்டியும் அதிகாரி சமாதானமாகவில்லை. அதை உட்கார்ந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள் என்றார். அன்றைக்கு ஒரு படம் இருந்திருந்தால் வாயை அடைத்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அதிலிருந்து எட்டாவது சேர்ந்துகொண்டது. ரிட்டர்னோடு இவற்றில் எதையும் இணைக்க வேண்டியதில்லை. நாளைக்குக் கேள்வி வந்தால் காட்டுவதற்காக ஃபைலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை அவள் ஈமெயிலில் எழுதவில்லை. எழுதினால் யாரும் அனுப்ப மாட்டார்கள் என்பது அனுபவம்.

வைகாசியில் பத்திரமும் 16பியும் வந்தன, பட்டா வந்தது, அடங்கல் வந்தது, வங்கி விவரம் வந்தது, மக்காச்சோளம் விற்ற ரசீதுகள் வந்தன. கடைசியில் ஒரு படம் வந்தது. வெறும் மண்ணில் விரல் நீளத்துக்குப் பச்சை. சிந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பதில் எழுதினாள்: "பயிர் தெளிவாகத் தெரியவில்லை. வேறு படம் அனுப்பவும்." எட்டாவது சிவப்பாகவே இருந்தது.

ஆண்டாயியின் படம் அந்த மாதக் கடைசியில் வந்தது. முழங்கால் உயரக் கம்பு, பளிச்சென்று தெரிந்தது. எட்டாவதைப் பச்சையாக்கிவிட்டு அந்த ஃபைலை மூடினாள்.

ஆனியில் கொளஞ்சியப்பனிடமிருந்து இரண்டாவது படம். மக்காச்சோளம் நெஞ்சு உயரம். நடுவில் அவருடைய சம்சாரம் பூங்காவனம் நின்றுகொண்டிருந்தாள். தோளுக்குக் கீழே தோகை மறைத்திருந்தது. அந்தத் தோகையில் ஏதோ சாம்பல் படிந்தது மாதிரி இருந்தது. போன் மட்டமாக இருக்கும் என்று சிந்து நினைத்துக்கொண்டாள். ஆனால் இந்தக் காடு யாருடைய நிலம் என்று எப்படித் தெரியும்? "நிலத்தின் எல்லைக்கல்லோடு சேர்த்து எடுத்து அனுப்பவும்" என்று எழுதினாள். ஐந்தாவதான தாசில்தார் சான்றும் வரவில்லை என்று ஞாபகப்படுத்தினாள்.

ஆடி பிறந்து மூன்றாவது படம் வந்தது.

அன்றைக்கு ஆபீஸில் கூட்டம். கடைசித் தேதி நெருங்க நெருங்கத்தான் எல்லாருக்கும் வருமான வரி நினைவுக்கு வரும். மதியம் மூன்று மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு, ஒரு கையால் அந்தப் படத்தையும் திறந்தாள். சோளம் ஆள் உயரத்தைத் தாண்டிப் பூ விட்டிருந்தது. ஒரு ஓரத்தில் எல்லைக்கல். ஆனால் கல் நேராக நிற்கவில்லை, அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. சோளத்துக்குப் பின்னால் மரம் இல்லை. மின்கம்பம் இல்லை. வேறு காடு இல்லை. தோகைகளுக்கு நடுவே, மேலிருந்து கீழே தண்டின் அடி வரைக்கும், வெள்ளை வானந்தான் தெரிந்தது.

கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே வைத்துவிட்டாள்.

முந்தின ஞாயிறு ஊருக்குப் போய்விட்டு வந்தபோது பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த காடுகள் அவள் கண்ணுக்குள் வந்தன. குன்னம் முழுக்க உழுது போட்ட வெறும் கரிசல். ஆவணிக்கு மேல் மழையைப் பார்த்துத்தான் விதைப்பார்கள். மானாவாரி நாட்டில் ஆடி மாதம் பூ விட்டு நிற்கிற மக்காச்சோளம் எது? பத்திரத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். நிலம் கைமாறி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. சர்வே எண்ணை வைத்துக் கம்ப்யூட்டரில் வான்படத்தைத் தேடினாள். அந்த இடத்தில் வெள்ளையாக, ஓரம் படிப்படியாக இறங்கும் ஒரு பள்ளம் இருந்தது.

மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விரல் நீளம், நெஞ்சு உயரம், ஆள் உயரம். ஒரே பயிர். அவள் ஒவ்வொரு முறை வேறு படம் கேட்டபோதும் அது வளர்ந்துகொண்டிருந்தது.

"சார், இல்லாத நெலத்துல சோளம் வெளஞ்சிருக்கு" என்றாள்.

ஜாவித் எட்டிப் பார்த்தார். "வேற யாரு காட்டுலயாச்சும் நின்னு எடுத்திருப்பாரு. நீ படுத்துற பாட்டுக்கு மனுசன் வேற என்ன செய்வாரு? அடங்கல் இருக்கு, ரசீது இருக்கு. போதும், ஃபைல் பண்ணும்மா."

"ஆடி மாசத்துல சோளம் நிக்கிற காடு இந்த ரெண்டு ஜில்லாவுலயும் எங்க சார் இருக்கு?"

சிந்து கொளஞ்சியப்பனுக்குப் போன் போட்டாள். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார். குரல் கிசுகிசுத்தது. பக்கத்தில் எதுவோ சரசரவென்று உரசிக்கொண்டே இருந்தது.

"ஐயா, எங்க இருக்கீங்க?"

"காட்டுலதாம்மா."

"எந்தக் காட்டுல?"

"எங் காட்டுலதான்" என்றார். அப்புறம், "படம் சரியா இருக்காம்மா? கல்லு தெரியுதா?" என்றார். அதற்குள் தூரத்தில் ஒரு சங்கு ஊதியது. லைன் துண்டித்துக்கொண்டது. திரும்பப் போட்டபோது எடுக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஆபீஸில் சொல்லிவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினாள். அங்கிருந்து வேறு பஸ் மாறி, இறங்கியபோது உச்சிப்பொழுது ஆகவில்லை. கிராமத்தில் கீழத்தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டின்மேலும் கதவின்மேலும் பூசணிக்கொடியின்மேலும் ஒரே வெள்ளைப் பொடி. தெருவில் நடந்த சிந்துவுக்குத் தன் செருப்புச் சத்தமே கேட்கவில்லை.

பூங்காவனம் வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா அந்த ஆபீஸ் பொண்ணு? வா பாப்பா. உன்னயத்தான் எத்தனி நாளா திட்டிக்கிட்டிருக்கேன்."

"ஐயா எங்கங்க?"

"எங்க இருப்பாரு? விடியறதுக்குள்ள போயிட்டு, விளக்கு வைக்க வர்றாரு. வந்து நின்னா சுண்ணாம்புல முக்கி எடுத்தாப்புல இருக்காரு. கண்ணு மட்டுந்தான் மனுசக் கண்ணு. நேத்து என் பேத்தி பாத்துட்டு வீல்னு கத்திட்டா. தாசில்தார் ஆபீஸ்ல என்னமோ தாளு வாங்கணும், போயிட்டு வாங்கன்னா, சோளத்த யாரு பாக்கறதுங்கறாரு."

அவள் முன்னால் நடந்தாள். சிந்து பின்னால் போனாள். வழியில் தென்பட்ட கிணற்றில் தண்ணீர் இல்லை. முள்கம்பி வேலி வந்தது. ஒரு இடத்தில் கம்பியை வளைத்து வைத்திருந்தார்கள். "வாட்ச்மேனு நம்ம பங்காளி. பாத்தும் பாக்காத மாதிரி போயிருவான்" என்று சொல்லிக் குனிந்து நுழைந்தாள் பூங்காவனம்.

உள்ளே சோளம் நின்றது.

அது காடு இல்லை. நான்கே வரிசை. நான்கு வரிசையும் ஒரு சுவர்போல நேராகப் போய், தூரத்தில் மூலையில் மடங்கித் திரும்பிப் போனது. குவாரியின் எல்லையை ஒட்டித் தோண்டக் கூடாது என்று அரசாங்க விதி உண்டு. விளிம்பைச் சுற்றிலும் ஒரு பட்டையை விட்டுவிட்டுத்தான் பள்ளம் வெட்டுவார்கள். அப்படி விட்ட பட்டையில் விதைத்திருந்தார். பள்ளத்தில் ஊறுகிற தண்ணீரைக் கம்பெனி மோட்டார் குழாய் வழியாக மேலே கொண்டுவந்து இந்தப் பட்டையில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. கோடையில் சோளம் வளர்ந்தது அந்தத் தண்ணீரில்.

சிந்து தோகையைத் தொட்டாள். விரலில் பொடி ஒட்டியது. பூ விட்ட சோளத்தில் கிளி இல்லை, வண்டு இல்லை, ஒரு எறும்புகூட ஏறவில்லை. காற்று பக்கத்திலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது. அடித்தண்டு முதலில் அசைய, அப்புறம் தோகை, கடைசியில் பூ அசைந்தது. காலுக்குக் கீழே மண்ணில் பழங்காலக் கடலின் சிப்பிகள் நெருநெருத்தன.

"ஐயா" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

"இங்கதாம்மா. பாத்து வாங்க. மூணாவது வரிசைக்கு மேல வராதீங்க."

கொளஞ்சியப்பன் இரண்டாவது வரிசைக்குள் குத்தவைத்துக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தலைமுடி, புருவம், காது மடல், எல்லாம் வெள்ளை. எழுந்திருக்காமலேயே ஆபீஸ் ஆள் வந்ததற்கு மரியாதையாகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

மூன்றாவது வரிசைக்கும் நான்காவதுக்கும் நடுவே தரையில் ஒரு வெடிப்பு ஓடியது. ஒரு கை நுழைகிற அகலம். நான்காவது வரிசைச் சோளம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. சிந்து எக்கிப் பார்த்தாள். ரொம்பக் கீழே, வெள்ளைத் தரையில், லாரிகள் தீப்பெட்டி மாதிரி ஊர்ந்தன.

"ஆறு வரிசை போட்டேம்மா" என்றார் அவர் சாதாரணமாக. "வெடி வைக்க வைக்க ஒண்ணு போச்சு. போன வாரம் இன்னொண்ணு போச்சு. சத்தமே வரல. திரும்பிப் பாத்தா வரிசை இல்ல."

"ஐயா, இது எதுக்குங்க?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதான கேட்டீங்க? பயிரு இருக்கிற படம். எங்கிட்ட பழைய படம் எதுவுமில்ல. எங் காட்ட நானே எதுக்குப் படம் புடிக்கப் போறேன்? படம் இல்லன்னா என்ன, பயிரு வெச்சா படம் வரப்போவுது. அதே மண்ணு, அதே சோளம். மொதல்ல தெளிவா இல்லன்னீங்க. வளத்தேன். அப்புறம் கல்லோட வேணும்னீங்க. கல்லு அந்த ஓரத்துலதான் இருந்துச்சு. படுத்துக்கிட்டு எடுத்தேன்."

"அந்தக் கல்லு எங்கங்க?"

"வியாழக்கெழம போயிருச்சு."

சிந்துவுக்கு, எல்லைக்கல் என்று தட்டச்சு செய்தபோது காபி குடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

"அந்தப் படம் வேண்டியதில்லிங்கய்யா. வித்ததுக்கு அப்புறம் வெச்ச பயிரு கணக்குலயே வராது. உங்க அடங்கலும் ரசீதும் போதும். எந்திரிங்க, போவலாம்."

"வேண்டியதில்லன்னு எழுதலியே. செவப்பாத்தான இருக்கு."

"நா சொல்றேன்ல?"

"தரகனும் வாயாலதாம்மா சொன்னான்."

பூங்காவனம் வேலியோரம் நின்றபடி, "கேட்டியா? எழுத்துல வந்தாத்தான் எந்திரிப்பாராம். எமன் வந்தாக்கூட ஒரு கடுதாசி குடுத்துட்டு வாடான்னு திருப்பி அனுப்புவாரு" என்றாள்.

முதல் சங்கு ஊதியது.

"பன்னண்டு மணி வெடி. மூணு தடவ ஊதுவான். மூணாவதுக்கு அப்புறந்தான். நேரம் இருக்கு" என்று கொளஞ்சியப்பன் மறுபடியும் களையில் கை வைத்தார். "வெடிக்கிறப்ப நிக்கக் கூடாது, படுத்துக்கணும். மண்ணு வயித்துல ஒரு குத்து வுடும், அவ்வளவுதான்."

சிந்து கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. சோளத்துக்குள் உட்கார்ந்து ஈமெயிலைத் திறந்தாள். 'பெறப்பட்டது' என்று போட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் அது பொய். வந்த படம் விற்ற நிலத்துக்கு ஆதாரம் ஆகாது. அந்த அவசரத்திலும் அவளால் பொய் எழுத முடியவில்லை. பொடி படிந்த விரல் கண்ணாடியில் வழுக்க வழுக்கத் தட்டினாள்:

"மதிப்புக்குரிய ஐயா, எட்டாவதாகக் கேட்ட புகைப்படம் தேவையில்லை. அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்காகத் தாங்கள் நிலத்துக்குப் போக வேண்டாம். ஐந்தாவது சான்று மட்டும் நிலுவை. அதையும் ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்."

அனுப்பினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுந்து நின்று போனைப் பூவுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். இரண்டாவது சங்கு ஊதியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவர் இடுப்பில் போன் ஒருமுறை டிங் என்றது.

அவர் கையைத் துண்டில் துடைத்தார். கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஒவ்வொரு வார்த்தையாக, உதடு அசைய, படித்தார்.

"நீக்கப்பட்டதுன்னா அழிச்சாச்சுன்னு அர்த்தமா?"

"ஆமாங்கய்யா."

"உங்க பேரு போட்டிருக்கா?" கீழே நகர்த்திப் பார்த்தார். போட்டிருந்தது. "சரி, அப்ப போவலாம்" என்று முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

வேலியைத் தாண்டி, தண்ணீர் இல்லாத கிணற்றைத் தாண்டி, ஒரு வேப்பமரத்தடிக்கு வந்தபோது மூன்றாவது சங்கு ஊதியது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு காலடியில் மண் ஒருமுறை உதைத்தது. சத்தம் அதற்குப் பிந்தித்தான் வந்தது. சிந்து திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் சோளப் பூக்களின் வரிசை வானத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின் ஒரு பகுதி, தண்ணீரில் அமிழ்வதுபோல, மெதுவாகக் கீழே இறங்கி மறைந்தது. பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகு கொளஞ்சியப்பன் சாதாரண மனிதராகத் தெரிந்தார். கன்னத்தில் மச்சம் இருந்தது. மோர் கொண்டுவரச் சொன்னார். திங்கட்கிழமை பெரம்பலூருக்கு வந்து, ஆதாருக்கு வருகிற ஓடிபியைச் சொல்லி ரிட்டர்னைப் போட்டுவிடுவதென்று முடிவானது.

"எம் மேலதாம்மா தப்பு. எனக்குப் படம் புடிக்கத் தெரியல" என்றார் மோரை நீட்டியபடி. "எந் தங்கச்சிக்குப் பாருங்க, ஒரே படம். டக்குனு பச்சையா வந்துருச்சு."

சிந்துவின் கையில் டம்ளர் நின்றது.

"ஆண்டாயி அம்மாவா?"

"ஆமா. மொதல்ல எனக்கும் ஒண்ணும் புரியல. அவகிட்டயும் பழைய படம் இல்ல. அப்புறம் நாந்தான் யோசன சொன்னேன், இந்த மாதிரி ஓரத்துல தூவி வுடுன்னு. அவளுக்கும் மோட்டார் தண்ணி பாயுது. அவ கம்பு போட்டா."

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சிந்துவுக்குச் சிக்னல் நிலையாகக் கிடைத்தது. ஆண்டாயியின் பழைய படத்தைத் தேடி எடுத்தாள். முழங்கால் உயரக் கம்பு, பளிச்சென்று பச்சை. அன்றைக்குப் பயிரை மட்டுமே பார்த்திருந்தாள். இப்போது பயிருக்குப் பின்னால் பார்த்தாள். வெள்ளை வானம், தண்டின் அடி வரைக்கும்.

போன் போட்டாள். எடுக்கவில்லை. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஈமெயிலைப் படித்துக் காட்டுவது பக்கத்து வீட்டுப் பெண் என்று அண்ணன் சொல்லியிருந்தார். இருந்தாலும் முதலில் எழுத்தில் அனுப்பினாள். அரியலூரில் பஸ் மாறி நின்றபோது மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. குன்னம் தாண்டியபோது வெயில் சாய்ந்துவிட்டது. மூன்றாவது முறை போட்டாள்.

"அலோ" என்றது ஒரு பெண் குரல், அடங்கி.

"ஆண்டாயி அம்மாங்களா? ஆடிட்டர் ஆபீஸ்லேர்ந்து சிந்து பேசுறேன். எங்க இருக்கீங்க?"

"காட்டுலதாங்க. ரிட்டன் போடுற வரைக்கும் கம்பு நிக்கணும்ல? மாடு கீடு வந்துரும்னு காவ இருக்கேன்."

"அம்மா, உடனே அங்கருந்து வெளிய வாங்க. கம்பு வேண்டியதில்ல. வூட்டுக்குப் போங்க."

"என்னங்க? சரியா கேக்கல. இருங்க, சங்கு ஊதுறான். சாயந்தர வெடி. முடியட்டும், பேசுறேன். வைக்காதீங்க."

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. சிந்து போனைக் காதோடு அழுத்தி, அடுத்த கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் தோகைகள் உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. சங்கு இன்னொரு தரம் ஊதியது. இது இரண்டாவதா, மூன்றாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முன் ஸீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு போனுக்குள் எதுவோ மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல எல்லாம் நின்றது. தோகைச் சத்தமும் நின்றது. ஒரு முனகல்போல எதுவோ உருண்டு போனது. அதற்கப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை.

அப்புறம் இருமல் கேட்டது. யாரோ துணியை உதறினார்கள்.

"ம், சொல்லுங்க பாப்பா" என்றாள் ஆண்டாயி. "புதுப் படம் எதுவும் வேணுமா?"